8ஆம் நாள் வந்த தடிப்பும் நிற்க மறுத்த கால்களும்

"மகனுக்கு 6 வயது, திருமங்கலம் பக்கம் இருக்கிறோம். காய்ச்சல், தொண்டை வலிக்கு 10 நாள் அமாக்சிசிலின் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். 3 நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. 8ஆம் நாள் காலையில் உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. மறுநாள் முழங்காலும் கணுக்காலும் வீங்கி, நிற்கவே மாட்டேன் என்கிறான். ஒரு டாக்டர் மருந்து அலர்ஜி என்கிறார். இன்னொருவர் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம், இதயத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். வீட்டில் அம்மை என்று வேப்பிலை வைத்திருக்கிறார்கள். எதை நம்புவது? இனி இந்த மருந்தே கொடுக்கக் கூடாதா?"

மதுரையில் 20 வருடத்துக்கு மேலாகக் குழந்தைகளைப் பார்த்து வருகிறேன். உங்கள் மகனை நான் பார்க்கவில்லை. ஆகவே இது நோய் முடிவு அல்ல, நீங்கள் எழுதியதை வைத்து ஒரு டாக்டர் எப்படி யோசிப்பார் என்பதுதான். நீங்கள் சொன்ன நாள் கணக்கு ஒன்றை வலுவாகக் காட்டுகிறது. சீரம் சிக்னெஸ் லைக் ரியாக்‌ஷன் என்று நாங்கள் சொல்வது, அதாவது சீரநோய் போன்ற மருந்து எதிர்வினை. பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் முழுசாகச் சரியாகிவிடும். சிரப்பை இன்றைக்கே நிறுத்துங்கள். அடுத்த வேளை கொடுத்துவிட்டு நாளைக்குக் கேட்கலாம் என்று வேண்டாம். ஆனால் நிறுத்தியதோடு விட்டுவிடவும் கூடாது. ஒரு முறை நேரில் காட்டியே ஆக வேண்டும். காரணம், அந்த இரண்டாவது டாக்டர் எழுப்பிய சந்தேகம் வெட்டியான சந்தேகம் இல்லை.

முதலில் நாள் கணக்கு. எண்ண வேண்டியது மருந்தின் முதல் வேளையிலிருந்து. காய்ச்சல் வந்த நாளையோ பாட்டில் தீர்ந்த நாளையோ வைத்து எண்ணினால் தப்பாகிவிடும். மருந்து கொடுத்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வாந்தி, மூச்சு இழுப்பு என்று வந்தால் அது உடனடி அலர்ஜி. சட்டென்று உயிருக்கு ஆபத்தாகக்கூடிய வகை அதுதான், உங்கள் மகனுக்கு வந்தது அது இல்லை. சில நாள் கழித்துத் தட்டம்மை மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளியாக, மூட்டில் ஒன்றும் இல்லாமல் வருவது இன்னொரு வகை. அமாக்சிசிலினில் அடிக்கடி பார்ப்பது அதைத்தான். மூன்றாவதுதான் நாம் பேசுவது. பெரும்பாலும் 1 வாரத்திலிருந்து 2 வாரத்துக்குள் வரும், 3 வாரம் வரையும் தள்ளிப் போகலாம். அதனால்தான் "மருந்து முடிந்து 4 நாள் ஆகிவிட்டதே, மருந்தால் எப்படி?" என்று பலர் குழம்புகிறார்கள். 7 நாள் கோர்ஸ் முடிந்து 10ஆம் நாள் தடிப்பு வந்தாலும் சந்தேகப்பட வேண்டியது அந்த மருந்தைத்தான். ஒரு காலத்தில் செஃபாக்ளோர் என்ற மருந்து இதற்குப் பேர் போனது. இப்போது குழந்தைகளிடம் அதிகம் பார்ப்பது அமாக்சிசிலினில், அதைத்தான் எல்லோரும் அதிகம் எழுதுகிறோம் என்பதும் ஒரு காரணம்.

நான் பார்த்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். மேலூர் பக்கத்து ஒன்றாம் வகுப்புச் சிறுமி, எடை 20 கிலோ. தொண்டை வலிக்கு அமாக்சிசிலின். 9ஆம் நாள் அப்பத்தா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறு வயசுப் பிள்ளையை ஏன் தூக்கி வருகிறீர்கள் என்று கேட்டேன். "கால வைக்க மாட்டேங்கிறாய்யா, செருப்பும் ஏற மாட்டேங்குது" என்றார். பாதம் அவ்வளவு வீங்கியிருந்தது. முதுகு, வயிறு, தொடை, முகம் எங்கும் தடிப்பு. ஊரில் காணாக்கடி என்று மந்திரித்திருந்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், முதல் நாள் பார்த்தால் அச்சு அசலாகக் காணாக்கடி மாதிரியேதான் இருக்கும். வித்தியாசம் அடுத்த நாள் தெரியும். சாதாரணத் தடிப்பு ஓரிடத்தில் எழும்பி, சில மணி நேரத்தில் அங்கே மறைந்து, வேறிடத்தில் கிளம்பும். ஒரே தடிப்பு 24 மணி நேரம் தாண்டி அதே இடத்தில் நிற்பது அபூர்வம். இந்த எதிர்வினையில் தடிப்பு போகாது. ஓரம் விரிந்து வளையமாகி, பக்கத்து வளையத்தோடு சேர்ந்து வரைபடம் மாதிரி ஆகும். நடுப்பகுதி கன்றிப்போன காயம் மாதிரி ஊதா நிறமாக மாறும். அந்தப் பிள்ளையின் தொடையில் ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு அனுப்பினேன். மறுநாள் வந்தபோது கோடு போட்ட இடத்தில் தடிப்பு மறையாமல் அப்படியே இருந்தது, நடுவில் ஊதா, ஓரம் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் விரிந்திருந்தது. இதை நீங்களே வீட்டில் செய்யலாம், ஒரு பால்பாயின்ட் பேனா போதும். முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு மூன்றும் இரண்டு பக்கமும் வீங்கியிருந்தன. காய்ச்சல் 100 டிகிரிதான். கண் சிவப்பு இல்லை, வாயில் புண் இல்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் சீரம் சிக்னெஸ் என்று தேடிச் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் உண்டு. அசல் சீரநோய் வேறு. தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைக் குழந்தைகளுக்குப் போட்ட காலத்தில், ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி வருவதை வியன்னாவில் பிர்க்கே, ஷிக் என்ற இரண்டு குழந்தை டாக்டர்கள் 1905இல் விவரமாக எழுதினார்கள். வேற்றுப் புரதத்துக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்க அத்தனை நாள் ஆகிறது. தயாரானதும் இரண்டும் பிணைந்து கட்டிகட்டியாகி, ரத்தக் குழாயிலும் மூட்டிலும் சிறுநீரகத்திலும் படிந்து புண்ணாக்குகின்றன. அடுத்த வருடமே பிர்க்கே உருவாக்கிய சொல்தான் அலர்ஜி. அந்த அசல் நோய் நம் ஊரில் இன்றைக்கும் உண்டு. பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்தும் குதிரையிலிருந்து வருவதுதான், வீடு திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் மூட்டு வலியோடு மறுபடி வருபவர்களைப் பார்க்கிறோம். ஆனால் அமாக்சிசிலினில் வருவது அதன் சாயல் மட்டும்தான். இதில் அந்தப் படிவுகள் காணப்படுவதில்லை, ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதத்தின் அளவு குறைவதில்லை, சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் வழக்கமில்லை. சரி, பின்னே எதனால் வருகிறது? முடிவான பதில் இன்னும் இல்லை. மருந்து உடம்பில் உடையும்போது உண்டாகும் பொருளைச் சிலரின் உடம்பு சரியாகக் கையாள்வதில்லை என்ற விளக்கம் செஃபாக்ளோருக்குச் சொல்லப்பட்டது. எந்தத் தொற்றுக்காக மருந்து கொடுத்தோமோ அந்த வைரஸுக்கும் இதில் பங்கு உண்டு என்பது இன்னொரு கருத்து.

இப்போது அந்த இரண்டாவது டாக்டரிடம் வருவோம். உங்கள் கேள்வியிலேயே கனமான இடம் இதுதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைத் தொற்றுக்குப் பின் 2, 3 வாரத்தில், 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மூட்டு வீங்கினால் ருமாட்டிக் காய்ச்சலை நினைக்காத டாக்டர் நம் நாட்டில் இருக்கக் கூடாது. இதய வால்வைக் கெடுக்கும் நோய் அது. சிக்கல் என்னவென்றால், இரண்டு முடிவும் நேர் எதிரான இரண்டு வழியில் கொண்டு போகின்றன. ருமாட்டிக் என்று எழுதினால் 3 வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, பல வருடங்களுக்கு. மருந்து எதிர்வினை என்று எழுதினால் பென்சிலின் குடும்பத்தின் பக்கமே போகாதே என்று ஆகிவிடும். எந்தப் பக்கம் தவறினாலும் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

எப்படிப் பிரிப்பது? ருமாட்டிக்கில் வலி தாவும். இன்று முழங்கால், அது தணிந்து நாளை கணுக்கால், அப்புறம் முழங்கை. மேலே துணி பட்டால்கூடப் பிள்ளை அலறும். மருந்து எதிர்வினையில் பல மூட்டு ஒரே நேரத்தில் வீங்கும், கையும் பாதமும் சேர்ந்து உப்பும். ருமாட்டிக்கிலும் வளையமாக ஒரு தடிப்பு வருவதுண்டு. ஆனால் அது அரிக்காது, உடம்பு நடுப்பகுதியில் மெலிசாகத் தெரிந்து மறையும், முகத்துக்கு வராது. அரித்து அரித்துச் சொறிய வைக்கும் தடிப்பு மருந்தின் பக்கம் சாய்கிறது. நாள் கணக்கும் உதவும். தொண்டை வலி வந்து 8, 9 நாள் என்பது ருமாட்டிக்குக்குச் சற்று சீக்கிரம். ஆனால் அதற்கு முன்னால் கவனிக்காமல் விட்ட ஒரு தொண்டை வலி இருந்ததா என்று கேட்க வேண்டும். ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தில் முணுமுணுப்புக் கேட்கிறதா என்று பார்ப்பதும் ஒரு ஈசிஜி எடுப்பதும் கட்டாயம். சந்தேகம் மிச்சமிருந்தால் எக்கோ என்ற இதய ஸ்கேன். ஏஎஸ்ஓ என்ற ரத்தப் பரிசோதனையில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பலருக்கு அது சும்மாவே கூடியிருக்கும். சில வாரம், மாதம் முன்பு அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து போனது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அந்த மேலூர்ப் பிள்ளைக்கும் ஏஎஸ்ஓ கூடித்தான் இருந்தது. இதயமும் ஈசிஜியும் சரியாக இருந்தன, தடிப்பு மருந்தைக் காட்டியது. ஆகவே பென்சிலின் ஊசி ஆரம்பிக்கவில்லை, 2 வாரம் கழித்து எக்கோ எடுத்துப் பார்த்தோம், கோளாறு எதுவும் இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னம்மை என்றால் நீர் கோத்த கொப்புளம் இருக்கும், மூட்டு வீங்காது. வேப்பிலை இருந்துவிட்டுப் போகட்டும், அதைக் காரணம் காட்டி ஆஸ்பத்திரி போவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். சிக்குன்குனியாவில் மூட்டு வலியும் தடிப்பும் கடும் காய்ச்சலோடு முதல் சில நாளிலேயே வந்துவிடும். உங்கள் மகனுக்குக் காய்ச்சல் விட்டு 5 நாள் நன்றாக இருந்து, அப்புறம் வந்திருக்கிறது. அந்த இடைவெளி முக்கியமான சாட்சி. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுக் காய்ச்சலும் சேர்ந்தால் டெங்குவுக்குத் தட்டணு எண்ணிக்கை பார்க்காமல் நான் விடுவதில்லை. இது சும்மா ஜாக்கிரதைக்கு இல்லை, வலி மருந்து எதைக் கொடுப்பது என்பதே அதைப் பொறுத்தது.

உடனே, ராத்திரி ஆனாலும், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அடையாளங்கள் தனி. உதடு, வாய், கண், சிறுநீர் போகும் இடம் என்று புண்ணாவது, தோல் கொப்புளித்து உரிவது, தொட்டால் தோலே எரிவது, இவை ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற கடும் எதிர்வினையின் குணங்கள். ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து சூடாகி, அசைக்கவே விடாமல், காய்ச்சல் 102க்கு மேல் போனால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், அதற்கு அறுவைச் சிகிச்சை வரை போக நேரலாம். தடிப்பு கால், பிட்டத்தில் மட்டும் திட்டுத் திட்டாக, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாமல், கூடவே வயிற்று வலியும் இருந்தால் அது ரத்தக் குழாய் அழற்சி, சிறுநீரைச் சோதிக்க வேண்டும். 5 நாள் காய்ச்சலோடு கண்ணும் உதடும் சிவந்திருந்தால் கவாசாகி நோயை நினைக்க வேண்டும். முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

சிகிச்சை இத்தனை பீதிக்குப் பொருத்தமில்லாத அளவு எளிது. மருந்தை நிறுத்துவதுதான் பாதி சிகிச்சை. அந்த 20 கிலோ பிள்ளைக்கு நான் எழுதியதைச் சொல்கிறேன், உங்கள் மகனின் எடைக்கு உங்கள் டாக்டர் கணக்குப் போடட்டும். அரிப்புக்கு செட்ரிசின் 5 மில்லி கிராம் ராத்திரி ஒரு வேளை. ரத்தப் பரிசோதனை வரும் வரை வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், கிலோவுக்கு 15 மில்லி கிராம் கணக்கில் 300. தட்டணு சரி, டெங்கு இல்லை, பிள்ளை தண்ணீர் நன்றாகக் குடிக்கிறது, சிறுநீர் சுத்தம் என்று தெரிந்த பிறகு ஐபுப்ரூஃபென், கிலோவுக்கு 10 வீதம் 200 மில்லி கிராம், சாப்பிட்ட பின் ஒரு நாளைக்கு 3 வேளை. மூட்டுக்கு இதுதான் கேட்கும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது இதைத் தொடவே கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பரிசோதனை என்று நான் எடுத்ததும் அவ்வளவுதான்: ரத்த அணுக்கள், சிறுநீர், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், அழற்சிக்குச் சிஆர்பி, முன்னால் சொன்ன ஏஎஸ்ஓ, ஈசிஜி, எக்கோ. இந்த நோயை உறுதிப்படுத்தும் தனிப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது.

ஸ்டீராய்டு வேண்டுமா என்று கட்டாயம் கேட்பீர்கள். 2, 3 நாளாகியும் பிள்ளை நடக்க முடியாமல், தூங்க முடியாமல் தவித்தால் பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 மில்லி கிராம் வீதம் 3 முதல் 5 நாள் கொடுப்போம். நல்ல ஆராய்ச்சி ஆதாரம் உள்ள சிகிச்சை என்று சொல்ல மாட்டேன், கொடுத்துப் பார்த்த அனுபவத்தில் வந்த வழக்கம். தானாகவே தணியும் நோயில் எந்த மருந்துக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடும். ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரன். ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும், ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரையும் பார்க்காமல் ஸ்டீராய்டு ஆரம்பிக்க மாட்டேன். குழந்தைகளில் ரத்தப் புற்றுநோய் சில சமயம் மூட்டு வலியும் காய்ச்சலுமாகத்தான் தலைகாட்டும். அது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் சில நாள் நன்றாகி, நோய் ஒளிந்துகொள்ளும். மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

அப்புறம், நிறுத்திய ஆன்டிபயாட்டிக்குக்குப் பதில் இன்னொன்று வேண்டுமா? லேசாகக் காய்ச்சல் திரும்பியதும் "தொற்று இன்னும் போகவில்லை" என்று அடுத்த ஆன்டிபயாட்டிக்கை ஆரம்பிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. இந்தக் காய்ச்சல் எதிர்வினையின் காய்ச்சல். குழந்தைகளின் தொண்டை வலியில் பெரும்பங்கு வைரஸ், அதற்கு முதலிலேயே ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டிருக்காது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பரிசோதனையில் உறுதியாகி, கோர்ஸ் பாதியில் நின்றிருந்தால் மட்டும் அசித்ரோமைசின் போல வேறு குடும்பத்து மருந்தால் முடிக்கச் சொல்வேன். மேலூர்ப் பிள்ளைக்கு நான் எதுவும் மாற்றிக் கொடுக்கவில்லை. 4ஆம் நாள் நடந்தாள், 8ஆம் நாள் தடிப்பு இருந்த இடத்தில் பழுப்பு நிறம் மட்டும் மிச்சம். சிலருக்கு மூட்டு வலி மட்டும் 2, 3 வாரம் இழுக்கும், காலையில் எழும்போது நொண்டுவார்கள். மூட்டு நிரந்தரமாகக் கெடுவதில்லை. 6 வாரம் தாண்டியும் வீக்கம் இருந்தால் அது வேறு நோய், குழந்தைகள் மூட்டுவாதத்தைத் தேட வேண்டும்.

கடைசிக் கேள்வி, இனி இந்த மருந்தே கூடாதா? இப்போதைக்குக் கூடாது. அமாக்சிசிலினும், அது கலந்த அமாக்சிசிலின் கிளாவுலனேட்டும் வேண்டாம், பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது அதேதான். ஆயுள் முழுக்கவா என்பதில்தான் எங்கள் துறை மாறிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் ஆயுளுக்கும் என்று எழுதிவிடுவோம். சமீப வருடங்களில், முழுசாகக் குணமாகிச் சில மாதம் கழித்து, அலர்ஜி நிபுணரின் கண்காணிப்பில் மருந்தைச் சிறிது சிறிதாக வாயில் கொடுத்துச் சோதித்தபோது, இந்த மாதிரிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தாங்கிக்கொண்டதாகக் கனடாவில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் எதிர்வினை பல நாள் கழித்து வருவது, ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்து அனுப்பிவிட முடியாது. ஆகவே அது நிபுணரின் வேலை, வீட்டில் கொடுத்துப் பார்க்கும் வேலை இல்லை. தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் உடனடி அலர்ஜிக்கானது, இதற்குப் பயன்படாது, காசு செலவழிக்காதீர்கள்.

இதில் நானே ஒரு தப்புச் செய்திருக்கிறேன். தொழில் ஆரம்பித்த புதிதில், இதே மாதிரி ஒரு பையனின் சீட்டில் 'ஆன்டிபயாட்டிக் அலர்ஜி' என்று இரண்டே வார்த்தை எழுதிவிட்டேன். சில வருடம் கழித்து அவனுக்கு நிமோனியா வந்து வேறொரு இடத்தில் சேர்த்தபோது, எந்த மருந்து, என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. சாதாரண மருந்தை விட்டு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் விலை கூடின ஊசியில் போய் நின்றார்கள். அவன் அம்மா அந்தப் பழைய சீட்டை மடிப்பு விட்டுக் கிழிந்த நிலையில் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

அதனால் உங்கள் டாக்டரிடம் இப்படிக் கேட்டு எழுதி வாங்குங்கள்: மருந்தின் மூலப்பெயர், முதல் வேளை கொடுத்த தேதி, தடிப்பு வந்த தேதி, மூட்டு வீங்கியது, வாயில் புண் இல்லை, மூச்சுத் தொந்தரவு இல்லை, சிறுநீர் சரி, ஈசிஜி சரி. இன்றைக்கே தடிப்பைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள், ஊதா நடுப்பகுதி தெரியும்படி கிட்டத்தில் ஒன்று, முழு உடம்பு ஒன்று. சிரப் பாட்டிலைக் கழுவிக் குப்பையில் போட்டுவிடாமல் லேபிளோடு எடுத்துப் போங்கள்.